இருபது வினாடிப் படத்துக்குக் குச்சி மனிதர்கள் போதும்: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

படம் எடுக்கும் முன்பே ஒவ்வொரு ஷாட்டையும் ஒரு கட்டமாக வரைந்து பார்ப்பதுதான் ஸ்டோரிபோர்டு. அதைப் பற்றி, சின்னப் படம் எடுக்க நினைப்பவர்கள் என்னிடம் கேட்ட கேள்விகள் இவை. ஒவ்வொன்றுக்கும் தனித்தனி உதாரணம் தேடாமல், நாங்கள் வீட்டிலேயே எடுத்த ஒரு படத்தை வைத்துப் பதில் சொல்கிறேன். கதை இவ்வளவுதான்: மொட்டை மாடியில் துணி காய்கிறது. தூறல் விழுகிறது. சமையலறையில் குழம்பு கிண்டிக்கொண்டிருக்கும் சித்தி ஓடிப்போய்த் துணிகளை அள்ளிக்கொண்டு கீழே வருகிறார். வந்ததும் வெயில் அடிக்கிறது. வசனம் கிடையாது. போனை நிமிர்த்திப் பிடித்து எடுத்தது.

எனக்கு ஓவியம் சுத்தமாக வராது. பரவாயில்லையா?

பரவாயில்லை. பார்க்கப்போனால், நன்றாக வரையத் தெரிந்தவர்கள்தான் இதில் அதிகம் மாட்டிக்கொள்கிறார்கள். ஒரு கட்டத்துக்கு அரை மணி நேரம் செலவழித்துப் புடவை மடிப்பெல்லாம் போட்டுவிட்டால், அப்புறம் அந்தக் கட்டத்தைத் தூக்கிப்போட மனசு வராது. குச்சி மனிதனை ஒரு நிமிடத்தில் போடலாம், அரை நிமிடத்தில் கிழித்தும் போடலாம்.

ஆனால் குச்சி மனிதனிடம் மூன்று விஷயம் தெரிந்தாக வேண்டும். முதலாவது, முகம் எந்தப் பக்கம் பார்க்கிறது. தலை வட்டத்தின் ஓரத்தில் மூக்குக்கு ஒரு சின்னக் கோடு இழுத்தால் அது தெரிந்துவிடும். இரண்டாவது, ஆள் கட்டத்தில் எவ்வளவு பெரிதாக இருக்கிறார், கட்டத்தின் கீழ்க்கோடு அவரை எங்கே வெட்டுகிறது. இடுப்பில் வெட்டினால் மிட் ஷாட். தலை மட்டும் கட்டத்தை நிறைத்தால் க்ளோஸப். ஆள் முழுசாக, சுற்றிலும் இடத்தோடு இருந்தால் வைட். மூன்றாவது, தரைக்கோடு. அது கட்டத்தில் எந்த உயரத்தில் இருக்கிறது என்பதிலிருந்து கேமரா மேலிருந்து பார்க்கிறதா, தரையோடு தரையாக இருக்கிறதா என்று புரியும். கை விரல், கண், சட்டைப் பொத்தான் எதுவும் வேண்டாம். சித்திக்கு நான் போட்ட ஒரே அடையாளம் தலைக்குப் பின்னால் ஒரு சின்ன வட்டம், கொண்டை.

எந்தத் தாளில், என்ன அளவில் வரைவது?

நோட்டுப் புத்தகத்தில் வேண்டாம். தனித்தனி அட்டையாக இருக்கட்டும், இடம் மாற்றி வைக்க வேண்டியிருக்கும். 1930-களின் தொடக்கத்தில் வால்ட் டிஸ்னி ஸ்டூடியோவில் இந்த முறை உருவானதே, படங்களைத் தனித்தாள்களில் வரைந்து பலகையில் குத்தி, மாற்றி மாற்றி வைத்துப் பார்த்ததில்தான். ஸ்டோரிபோர்டில் வரும் போர்டு என்ற சொல் அந்தப் பலகையைக் குறிப்பதுதான்.

நான் பழைய கல்யாணப் பத்திரிகைகளின் வெற்றுப் பக்கத்தை ஒன்பதுக்கு ஐந்து சென்டிமீட்டரில் வெட்டிக்கொள்கிறேன். விசிட்டிங் கார்டும் ஏறக்குறைய இதே அளவுதான். இரண்டுமே கேமராவின் 16:9 வடிவத்துக்கு மிக நெருக்கம். படுக்க வைத்தால் யூடியூப், நிமிர்த்தி வைத்தால் ரீல்ஸ். எது என்பதை முதல் அட்டைக்கு முன்பே முடிவு செய்துவிடுங்கள். படுத்த கட்டத்தில் வரைந்துவிட்டு நிமிர்ந்த போனில் எடுத்தால், பக்கவாட்டில் நின்ற ஆள் எல்லாம் காணாமல் போவார்.

நிமிர்ந்த கட்டம் என்றால் அடிப்பகுதியில் ஐந்தில் ஒரு பங்கையாவது லேசாக நிழலிட்டு விடுங்கள். கணக்குப் பெயரும் தலைப்பும் அங்கே வந்து மறைக்கும். வலது ஓரத்தில் லைக், ஷேர் பொத்தான்கள் இருக்கும். முக்கியமான எதையும் அந்த இடங்களில் வரையாதீர்கள்.

இருபது வினாடிக்கு எத்தனை கட்டம் வேண்டும்?

இத்தனை என்று கணக்கு கிடையாது. ஒரே ஷாட்டிலும் முடிக்கலாம். துணிப் படத்துக்கு எட்டு வந்தது. ஆனால் முதலில் நான் வரைந்தது பதின்மூன்று.

அந்தப் பதின்மூன்றையும் தரையில் பரப்பி, போனில் ஸ்டாப்வாட்ச் போட்டு, ஒவ்வொரு அட்டையில் இருப்பதையும் நானே நின்று நடித்துப் பார்த்தேன். மனசுக்குள் எண்ணிப் பார்ப்பது உதவாது. மனசுக்குள் எல்லோரும் வேகமாகவே ஓடுவார்கள். நடித்தபோது வந்தது முப்பத்து மூன்று வினாடி. அப்புறம்தான் கை வைத்தேன். அடுப்பை அணைப்பது, செருப்பு மாட்டுவது, மாடிக் கதவின் தாழ்ப்பாளைத் திறப்பது, வானத்தை அண்ணாந்து பார்ப்பது, கிளிப்பை விரல் கழற்றும் க்ளோஸப் என்று ஐந்து அட்டை போனது, கூடவே பதினொரு வினாடியும் போனது. ஒன்றையும் யாரும் தேடவில்லை. தூறல், அடுத்து நிமிரும் முகம், அடுத்து படியில் கால்கள் என்று வந்தாலே, நடுவில் கதவு திறந்தது பார்ப்பவருக்குத் தானாகப் புரிந்துவிடுகிறது.

இன்னும் இரண்டு வினாடி மிச்சம் இருந்தது. அது துணி அள்ளும் அட்டையில் ஒளிந்திருந்தது. கொடியில் ஒன்பது துணி. ஒன்பதையும் அள்ள சித்திக்கு அரை நிமிடம் ஆகும் என்பதால் ஆறு வினாடிக்குள் அடைப்பது எப்படியும் பொய். அட்டையை மாற்றி வரைந்தேன். ஷாட் தொடங்கும்போதே ஒரு தோளில் துணி மலை, கொடியில் மூன்றே மூன்று துணி. அதையும் கிளிப்பைக் கழற்றாமல் வெடுக்கென்று இழுக்கிறார், கிளிப் தெறிக்கிறது. நான்கு வினாடி போதுமானது.

கடைசியில் நின்றது இது:

1. கொடியில் துணிகள் காற்றில் ஆடுகின்றன. கட்டம் முழுக்கத் துணி. 2.5 வினாடி.
2. சிமென்ட் தரை. மூன்று துளிகள் விழுகின்றன. க்ளோஸப். 2 வினாடி.
3. சமையலறை. குழம்பு கிண்டும் சித்தி சட்டென்று நிமிர்கிறார். மிட். 2.5 வினாடி.
4. படிக்கட்டில் ஏறும் கால்கள். 2 வினாடி.
5. கடைசி மூன்று துணிகளை இழுக்கிறார். மேலிருந்து வைட். 4 வினாடி.
6. முகம் தெரியாத அளவு துணியோடு படி இறங்குகிறார். 2.5 வினாடி.
7. கட்டிலில் துணி விழுகிறது. அதற்கு நடுவே கரண்டி. 1.5 வினாடி.
8. சித்தியின் முகத்தில் வெயில் விழுகிறது. ஜன்னல் பக்கம் திரும்புகிறார். 3 வினாடி.

அந்தக் கரண்டி எப்படி வந்தது? கதையில் இல்லையே.

தாளில் செய்த தப்பிலிருந்து வந்தது. மூன்றாம் அட்டையில் சித்தியின் கையில் ஒரு கோடு போட்டிருந்தேன், குழம்புக் கரண்டி. ஐந்தாம் அட்டையில் கோடு இல்லை. அட்டைகளைப் பார்த்த என் தங்கை கேட்டது ஒன்றுதான்: “கரண்டியை எங்கண்ணா வெச்சாங்க?”

இரண்டு வழி இருந்தது. அடுப்பு மேடையில் கரண்டியை வைப்பதை மூன்றாம் ஷாட்டில் காட்டலாம், ஆனால் அரை வினாடி கூடும், அவசரமும் குறையும். இல்லையென்றால் கரண்டியோடே ஓடவிடலாம். ஓடவிட்டோம். நான்காம் அட்டையில் காலோரம் கரண்டி தெரிகிறது, ஐந்தில் கக்கத்தில் இருக்கிறது, ஆறில் துணிக்குள் மறைந்துவிடுகிறது. ஏழில் வெள்ளை வேட்டிக்கு நடுவே மஞ்சள் கறையோடு வெளியே வருகிறது. வெயில் அடித்தது மட்டும் என்றால் அது ஒரு சின்னச் சிரிப்பு. துவைத்த வேட்டியை மறுபடி துவைக்க வேண்டும், அதற்குத் தோதாக வெயிலும் வந்துவிட்டது என்றால் கதைக்கு ஒரு முடிச்சு விழுகிறது. படம் எடுத்து முடித்து எடிட்டிங்கில் இதைக் கவனித்திருந்தால் ஒன்றும் செய்திருக்க முடியாது.

ஆள் நகர்வதையும் கேமரா நகர்வதையும் எப்படி வேறுபடுத்திக் காட்டுவது?

ஆள் நகர்ந்தால் அம்பு கட்டத்துக்குள். கேமரா நகர்ந்தால் அம்பு கட்டத்துக்கு வெளியே, ஓரத்தில், கொஞ்சம் தடிமனாக. ஆளுக்கு நீலப் பேனா, கேமராவுக்குச் சிவப்புப் பேனா என்று வைத்துக்கொண்டால் இன்னும் நல்லது. எட்டு அட்டையில் நான்கில் சிவப்பு இருந்தால் கொஞ்சம் யோசியுங்கள். இரண்டு வினாடி ஷாட்டில் கேமராவும் நகர்ந்தால், பார்ப்பவருக்கு எங்கே பார்ப்பது என்று தெரிவதற்குள் ஷாட் முடிந்துவிடும். எங்கள் படத்தில் ஒரு சிவப்பு அம்புகூட இல்லை.

இடது, வலது பற்றி ஏன் இவ்வளவு கவலைப்படுகிறார்கள்?

நான்கையும் ஆறையும் பக்கத்தில் வைத்துப் பார்த்தால் புரியும். நான்கில் கால்கள் இடது கீழ் மூலையிலிருந்து வலது மேல் மூலைக்கு ஏறுகின்றன. இறங்கும்போது வலது மேலிலிருந்து இடது கீழுக்கு வர வேண்டும். முதல் முறை நான் ஆறாம் அட்டையைப் படிக்கட்டின் எதிர்ப்பக்கத்திலிருந்து வரைந்திருந்தேன். அதில் சித்தி இடமிருந்து வலமாக இறங்கினார். உண்மையில் அதே படிக்கட்டுதான். திரையிலோ, போனவர் திரும்பி வந்ததாகத் தெரியாது, இன்னும் எங்கேயோ போய்க்கொண்டிருப்பதாகத் தெரியும்.

அட்டையில் இதைச் சரிபார்ப்பது சுலபம். அம்புகளை மட்டும் வரிசையாகப் பார்த்துக்கொண்டே வாருங்கள். போவது ஒரு பக்கம், வருவது மறுபக்கம்.

இரண்டு பேர் பேசுகிற மாதிரி கதை என்றால்?

ஒரு தனித்தாளில் அந்த இடத்தை மேலிருந்து பார்ப்பது போல வரையுங்கள். இரண்டு பேருக்கும் இரண்டு வட்டம், நடுவே ஒரு கோடு. கேமரா வைக்கும் இடங்களையெல்லாம் அந்தக் கோட்டுக்கு ஒரே பக்கமாக வைத்துக்கொள்ளுங்கள். அட்டையில் ஒருவருடைய மூக்கு வலப்பக்கமும் மற்றவருடையது இடப்பக்கமும் இருந்தால் இருவரும் ஒருவரையொருவர் பார்க்கிறார்கள். இரண்டு மூக்கும் ஒரே பக்கம் பார்த்தால் கோட்டைத் தாண்டிவிட்டீர்கள்.

வசனத்தை வாய்விட்டுப் பேசி நேரம் பாருங்கள். நிதானமாகப் பேசினால் தமிழில் வினாடிக்கு ஏறக்குறைய இரண்டு வார்த்தைதான். இருபது வினாடியில் நாற்பது வார்த்தை பேசவிட்டால் யாரும் மூச்சுவிடவும் முடியாது, எதிராளி முகத்தைக் காட்டவும் இடம் இருக்காது. பதினைந்து வார்த்தைக்குள் முடியாத கதையென்றால் அது இருபது வினாடிக் கதை இல்லை.

மழை, கூட்டம், விபத்து மாதிரி காட்சியெல்லாம் வரைந்துவிடலாம். எடுப்பது எப்படி?

வரையும்போதுதான் அதற்கு வழி தெரியும். “மழை பெய்கிறது” என்று எழுதி வைத்தால் தண்ணீர் லாரி தேடத் தோன்றும். கட்டமாகப் போட்டுப் பார்த்தால், எட்டு அட்டையில் மழை தெரிவது இரண்டாவதில் மட்டும்தான். அதுவும் ஒரு கை அகலத் தரை. காய்ந்த சிமென்ட்டில் விரலை நனைத்து மூன்று சொட்டு உதறினால் வேலை முடிந்தது. சொட்டு விழுந்த இடம் ஒரு கணத்தில் கறுப்பாகும், அதுதான் ஷாட். மூன்றாவதில் மழை காதுக்கு மட்டும். ஒரு பழைய தகரத்தின் மேல் அரிசியை நாலைந்தாக உதிர்த்துப் பதிவு செய்த சத்தம்.

வானம்தான் அடுத்த சிக்கல். தூறல் நேரத்தில் வானம் நீலமாக இருந்தால் பொய் தெரிந்துவிடும். அதனால் ஒன்றாம் அட்டையில் துணி கட்டத்தை முழுக்க அடைத்துக்கொள்கிறது. ஐந்தாம் அட்டையில் கேமரா தண்ணீர்த் தொட்டி மேடையிலிருந்து கீழே பார்க்கிறது. இரண்டிலும் வானமே இல்லை. ஆனால் ஒன்றைத் தாள் எனக்குச் சொல்லவில்லை: நிழல். குச்சி மனிதனுக்கு நிழல் கிடையாது. வெயிலில் எடுத்திருந்தால் தரையில் சித்தியின் நிழல் அப்பட்டமாக விழுந்திருக்கும். முந்தின நாள் காலை சும்மா மாடிக்குப் போனபோதுதான் அது உறைத்தது. அதன் பிறகு மாடி அட்டைகளின் மூலையில் எல்லாம் “வெயில் ஏறும் முன்” என்று எழுதி வைத்தேன்.

வரைந்தது எடுக்க முடியாத கோணமாகப் போய்விட்டால்?

போகும். தாளில் சுவர் கிடையாது. ஆறாம் ஷாட்டைப் படிக்கட்டுக்குக் கீழே பத்தடி தள்ளி நின்று எடுப்பதாக வரைந்திருந்தேன். அங்கே மூன்றடியில் சுவர். போனின் 0.5 லென்ஸில் வைத்துப் பார்த்தால் சித்தி எங்கேயோ தூரத்தில் தெரிந்தார், படிகள் வளைந்தன. கடைசியில் படி திரும்பும் இடத்தில், தரையோடு போனை வைத்து, துணிக் குவியல் கேமராவை நோக்கி வருவதாக மாற்றினோம். இறங்கும் திசை மட்டும் மாறாமல் பார்த்துக்கொண்டோம்.

அட்டைகளைக் கையில் எடுத்துக்கொண்டு இடத்துக்குப் போய், ஒவ்வொரு கட்டத்துக்கும் போனை அதே இடத்தில் வைத்து ஒரு போட்டோ எடுத்துவிடுங்கள். கால் மணி நேர வேலை. போட்டோவும் அட்டையும் ஒத்துப்போகாத இடங்களில் அட்டையைத் திரும்ப வரையுங்கள். ஆள் இல்லாமல் எடுத்தால் போதாது, யாரையாவது நிறுத்துங்கள். காலி இடம் எப்போதும் பெரிதாகத்தான் தெரியும்.

கதை மற்றவர்களுக்குப் புரிகிறதா என்று எடுப்பதற்கு முன்பே தெரிந்துகொள்ள முடியுமா?

கதை தெரியாத ஒருவர் முன்னால் அட்டைகளை ஒவ்வொன்றாக வைத்து, “என்ன நடக்குது சொல்லு” என்று மட்டும் கேளுங்கள். நீங்கள் வாயைத் திறக்கக் கூடாது. இதுதான் கஷ்டம், “அது வந்து...” என்று நாக்கு துடிக்கும்.

தங்கை இரண்டாம் அட்டையைப் பார்த்துவிட்டு “எறும்பா?” என்றாள். இங்கே ஒரு வித்தியாசம் பார்க்க வேண்டும். சில குழப்பம் படம் வரைந்த விதத்தால் வரும், சில குழப்பம் கதையில் இருக்கும். மூன்று புள்ளி எறும்பாகத் தெரிவது என் கைவண்ணம். அசையும் படத்தில் துளி விழுவது தெரியும், சத்தமும் கேட்கும். அட்டையில் “விழுகின்றன” என்று எழுதியதோடு விட்டுவிட்டேன். கரண்டி எங்கே என்று கேட்டது கதையில் இருந்த ஓட்டை. இதைப் பேனாவால் எழுதி மூட முடியாது.

இன்னும் ஒரு படி போகலாம். அட்டைகளைப் போட்டோ எடுத்து, ஏதாவது எடிட்டிங் ஆப்பில் வரிசையாகப் போட்டு, அட்டையில் எழுதிய வினாடியைக் கொடுங்கள். சத்தத்தை வாயாலேயே பதிவு செய்யுங்கள். ஓடவிட்டால் எந்த இடம் இழுக்கிறது, எது கண்ணுக்குப் பிடிபடுவதற்குள் போய்விடுகிறது என்பது தெரிந்துவிடும். எங்களுக்கு ஏழாவது அட்டை இப்படித்தான் இடித்தது. முதலில் ஒரு வினாடிதான் கொடுத்திருந்தேன். துணி விழுவதும் கரண்டி தெரிவதும் இரண்டு தகவல், ஒரு வினாடிக்குள் இரண்டும் நுழையவில்லை. எட்டாவதிலிருந்து அரை வினாடியை எடுத்து இங்கே சேர்த்தேன்.

இதற்கென்று ஆப் இருக்கிறதே, அதில் செய்யலாமா?

செய்யலாம். எட்டு அட்டையையும் ஒரே பார்வையில் தரையில் பரப்பிப் பார்க்கும் வசதி போன் திரையில் கிடைக்காது என்பதால் நான் செய்வதில்லை.

எல்லாப் படத்துக்கும் இது தேவையா?

இல்லை. குழந்தை முதன்முதலாக நடப்பது, கோயில் தேர் முக்கில் திரும்புவது போன்றவற்றை முன்கூட்டியே கட்டம் கட்டி வைத்தால், கட்டத்தைப் பார்த்துக்கொண்டு நிஜத்தைத் தவறவிடுவீர்கள். அங்கே “முகம், கால், பார்ப்பவர்கள்” என்று மூன்று வரி குறித்துக்கொண்டு போனால் போதும். ஒன்றன்பின் ஒன்றாக நடந்தால்தான் புரியும் என்கிற கதைக்குத்தான் அட்டை.

எடுக்கும் நாளில் அட்டைகளை வைத்து என்ன செய்வது?

கதை வரிசையைக் கலைத்து, இடவாரியாக அடுக்குங்கள். எங்களுக்கு மாடியில் 1, 2, 5. படிக்கட்டில் 4, 6. சமையலறையில் 3. அறையில் 7, 8. மாடியை வெயில் ஏறும் முன் முடித்துவிட வேண்டும், எட்டாவதுக்கோ வெயில் வேண்டும். அதனால் இந்த வரிசையே பொழுதுக்கும் பொருந்தியது. ஒவ்வொரு ஷாட்டையும் அட்டையில் எழுதிய நேரத்துக்கு முன்னும் பின்னும் இரண்டு வினாடி கூடுதலாக ஓடவிடுங்கள், வெட்ட இடம் வேண்டும்.

வரிசை கலைந்ததும் வரும் ஆபத்து, ஆள் தோற்றம். ஐந்தில் கரண்டியில் மஞ்சள் ஒட்டியிருக்க வேண்டும், ஆனால் குழம்பு கிண்டும் மூன்றை இன்னும் எடுக்கவே இல்லை. இதை அட்டைகளைக் கலைக்கும் முன்பே எழுதி வைத்ததால், காலையில் மஞ்சள் தூளைக் கரைத்துக் கரண்டியில் பூசிக்கொண்டுதான் மாடி ஏறினார் சித்தி.

எட்டாவதில் ஜன்னல் வெயில் முகத்துக்கு எட்டவில்லை. வெளியே ஒருவர் நின்று எவர்சில்வர் தட்டால் வெயிலைத் திருப்பி அடித்தார். தட்டை மெல்லச் சாய்த்தபோது வெளிச்சம் கழுத்திலிருந்து கண்ணுக்கு ஏறியது. அட்டையில் “வெயில் விழுகிறது” என்று எழுதியிருந்தது அப்படியே நடந்தது.

பாதியில் நிஜ மழை வந்துவிட்டால்?

எங்களுக்கு வந்தது, ஐந்தாம் அட்டையின்போது. துணியை நிஜமாகவே அள்ளிக்கொண்டு ஓடினோம், அதைப் படம் எடுக்க யாருக்கும் கை இல்லை. எந்த அட்டை முடிந்தது என்று டிக் போட்டு வைத்திருந்ததால் மறுநாள் எங்கே தொடங்குவது என்று குழப்பம் வரவில்லை. துணி வரிசைதான் தகராறு செய்தது. கொடியில் மிஞ்சும் மூன்று துணி பச்சைத் துண்டு, வேட்டி, பள்ளிச் சட்டை என்று முதல் நாளே அட்டையின் ஓரத்தில் எழுதியிருந்தேன். சித்தி அந்தச் சட்டையை இஸ்திரி போட்டு, தம்பி அதைப் போட்டுக்கொண்டு ஸ்கூலுக்குப் போய்விட்டான்.